புத்தக முதுகு எத்தனை மில்லிமீட்டர்? கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிவகாசியிலிருந்து வந்த பார்சலைத் தேவிபட்டினத்தில் அந்த ஆசிரியரின் வீட்டுத் திண்ணையில் வைத்துத்தான் பிரித்தோம். கடற்கரைச் சொற்களைப் பத்து வருஷமாகத் தொகுத்து வைத்திருந்தவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். புத்தகத்துக்குள்ளே வடிவமைப்பும் அட்டையும் என் வேலை. முன் அட்டை மணல் நிறம், முதுகு மட்டும் கருநீலம். ஒரு பிரதியை எடுத்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார்: "தம்பி, புத்தகத்துக்கு எதுக்கு வேட்டிக் கரை வெச்சிருக்கீங்க?"

முன் அட்டையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை நீலக்கோடு. முதுகில் இருக்க வேண்டிய நீலம் முன்பக்கம் வழிந்திருந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல். 500 பிரதியும் அப்படித்தான். அச்சகத்தார் நான் கொடுத்த ஃபைலை அப்படியே அடித்திருந்தார்கள். முதுகு 16 மி.மீ. என்று எழுதிக் கொடுத்தது நான். வந்த புத்தகத்தின் முதுகோ 13.3 மி.மீ.தான்.

கணக்கு ஒன்றும் பெரிதல்ல. பக்க எண்ணிக்கையை இரண்டால் வகுத்தால் தாள்களின் எண்ணிக்கை. அதை ஒரு தாளின் கனத்தால் பெருக்கி, முன் அட்டை, பின் அட்டை இரண்டின் கனத்தையும் கூட்ட வேண்டும். இரண்டால் வகுக்க மறப்பவர்களும் உண்டு. ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் என்பதை விட்டுவிட்டால் முதுகு இரட்டிப்பாகும். அந்தத் தவறு பார்த்தவுடனே தெரிந்துவிடும் என்பதால் அதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகும் தவறுகள்தான் அச்சாகி வரும்வரை ஒளிந்துகொண்டிருப்பவை.

என் முதல் தவறு ஜிஎஸ்எம்மைக் கனம் என்று நம்பியது. அதே ஆசிரியரின் முந்தைய புத்தகமும் 70 ஜிஎஸ்எம், இதுவும் 70 ஜிஎஸ்எம். அந்தப் புத்தகத்துத் தாள் 0.12 மி.மீ. என்று அளந்து வைத்திருந்தேன். அதே எண்ணை இங்கேயும் போட்டேன். ஆனால் ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, அவ்வளவுதான். முந்தைய புத்தகம் மங்கிய நிறத்தில் பஞ்சு மாதிரி உப்பலாக இருக்கும் தாள். இந்த முறை அச்சகம் வாங்கியது இறுக்கமான வெள்ளை மேப்லித்தோ. எடை ஒன்று, கனம் வேறு. நெய்யும் பஞ்சும் ஒரு கிலோ என்றால் ஒரே டப்பாவிலா அடங்கும்?

இதற்குத் தாள் வியாபாரத்தில் பல்க் என்ற அளவு இருக்கிறது. மைக்ரானில் உள்ள கனத்தை ஜிஎஸ்எம்மால் வகுத்தால் வருவது அது. ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம் மைக்ரான். அந்த உப்பல் தாளுக்கு 120 வகுத்தல் 70, அதாவது 1.7. மேப்லித்தோவுக்கு 91 வகுத்தல் 70, 1.3. பளபளப்பான ஆர்ட் தாளுக்கு இது ஒன்றுக்கும் கீழே போய்விடும். அதனால்தான் புத்தக நடுவில் வல்லம், வத்தை ஆகிய படகுகளின் படங்களுக்காகச் சேர்த்த 130 ஜிஎஸ்எம் ஆர்ட் தாள், எடையில் மேப்லித்தோவைப் போல இரு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தும், கனத்தில் 0.10 மி.மீ.தான் வந்தது. ஆகவே அச்சகத்திடம் "எத்தனை ஜிஎஸ்எம்?" என்று கேட்டு நிறுத்தக் கூடாது. எந்த மில், எந்த ரகம், எத்தனை மைக்ரான் என்று கேட்க வேண்டும். பதில் வரவில்லையென்றால் அந்தத் தாளிலேயே கொஞ்சம் அனுப்பச் சொல்லி நாமே அளக்க வேண்டும். விலைப்பட்டியல் பேசிய நாளுக்கும் அச்சு ஏறும் நாளுக்கும் இடையில் தாள் மாறுவது இங்கே சாதாரணம், அதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அளப்பதிலும் ஒரு தவறு இருக்கிறது. ஒரே ஒரு தாளை வெர்னியரில் வைத்து 0.1 மி.மீ. என்று குறித்துக்கொள்வது. 0.091 என்பதை 0.1 ஆக்கினால் வித்தியாசம் ஒன்பது மைக்ரான், தலைமுடியின் கனம்கூட இல்லை. ஆனால் 136 தாளால் பெருக்கினால் 1.2 மி.மீ. ஆகிவிடும். எனவே நூறு தாளை எண்ணி அடுக்கி, மொத்தத்தை அளந்து நூறால் வகுக்க வேண்டும். நூறு தாளில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஒரு தாளுக்கு ஐந்து மைக்ரான்தான் தப்பு. வீட்டில் இருக்கும் ஏ4 கட்டை வைத்தே இதைப் பழகலாம். 75 ஜிஎஸ்எம் காப்பியர் தாள் ஐந்நூறு கொண்ட கட்டு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் உயரம் இருக்கும். தாளுக்கு 0.1 மி.மீ.

அடுக்கை விரலால் அமுக்கி அளந்தால் போதாது. தாள்களுக்கு நடுவே காற்று இருக்கும். தாளின் கனத்தை அளக்கும் ஐஎஸ்ஓ 534 முறையில் 100 கிலோபாஸ்கல் அழுத்தம் கொடுக்கிறார்கள், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வைத்தது போல. அந்த அழுத்தம் வீட்டில் வராது. நான் செய்வது இது: தாளைச் சின்னத் துண்டுகளாக, நூறும் ஒரே அளவில் வெட்டி, இரண்டு தட்டையான மரத்துண்டுகளுக்கு நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் சி-கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, மரங்களுக்கு இடைப்பட்ட உயரத்தை வெர்னியரில் நாலு மூலையிலும் எடுக்கிறேன். நாலும் ஒத்துப்போகாவிட்டால் இறுக்கம் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் கடற்கரைக்கு மட்டும் ஒரு கூடுதல் தொல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் சேர்ந்தால் தொண்டியிலிருந்து கீழக்கரை வரை எந்த வீட்டிலும் தாள் நிமிர்ந்து நிற்காது. ஈரத்தை உறிஞ்சி நார் உப்பும், ஓரம் அலை அலையாக நெளியும். அலைகளுக்கு நடுவே காற்று. நான் மேசையில் திறந்து போட்டிருந்த மாதிரித் தாளை நவம்பரில் அளந்தபோது நூறுக்கு 9.6 மி.மீ. வந்தது. அதே தாளின் பிரிக்காத கட்டிலிருந்து எடுத்துச் சட்டென்று அளந்தபோது 9.1. முந்நூறு பக்கப் புத்தகத்துக்கு இது முக்கால் மில்லிமீட்டர் வித்தியாசம். புத்தகம் கட்டப்படுவது காய்ந்த சிவகாசியில், நம் வீட்டு ஈரத்தில் அல்ல. அதனால் மாதிரியைப் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள், அளக்கப்போகும் நிமிஷம்வரை பிரிக்காதீர்கள். அச்சகத்திலேயே ஒருவர் அளந்து சொல்வதென்றால் இன்னும் நல்லது.

என் இரண்டாவது தவறு பக்க எண்ணிக்கை. ஃபைலின் கடைசிப் பக்கத்தில் 256 என்று இருந்தது. அதையே எடுத்தேன். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், பொருளடக்கம், என்னுரை, அப்புறம் நம் ஊர் வழக்கப்படி அணிந்துரை ஒன்று, வாழ்த்துரை ஒன்று. இவை எல்லாம் 12 பக்கம், எண் போடாமல் முன்னால் உட்கார்ந்திருந்தன. மொத்தம் 268. அச்சகம் 16 பக்கத்தை ஒரே பெரிய தாளில் அடித்து மடிக்கும் ஃபாரம் ஃபாரமாக அடிப்பதால் அதை 272 ஆக்கியது, கடைசி நான்கு வெற்றுப் பக்கம். வாசிப்பவர் எண்ணாவிட்டாலும் வெற்றுத் தாளுக்கும் கனம் உண்டு. ஆர்ட் தாளில் 8 பக்கப் படங்களையும் நான் சேர்க்கவில்லை. அவை வேறு தாள் என்பதால் தனியாகக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டியவை.

சரியான கணக்கு இப்படிப் போயிருக்க வேண்டும். 272 பக்கம், 136 தாள், தாளுக்கு 0.091, மொத்தம் 12.38 மி.மீ. படங்கள் நான்கு தாள், 0.4. அட்டை 250 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, லேமினேஷனோடு நான் அளந்தது 0.27, இரண்டு பக்கத்துக்கும் 0.54. கூட்டினால் 13.32 மி.மீ. வந்த புத்தகமும் அதுதான் காட்டியது.

நான் போட்ட கணக்கு: 128 தாள், 0.12 வீதம் 15.36, அட்டை 0.54, ஆக 15.9, சரி 16 என்று வைத்துக்கொள்வோம். இதில் வேடிக்கை என்னவென்றால், பக்கங்களை ஒழுங்காக எண்ணியிருந்தால் 17.3 வந்திருக்கும், வேட்டிக் கரை இன்னும் பட்டையாகியிருக்கும். ஒரு தவறு இன்னொன்றைக் கொஞ்சம் மறைத்தது. அதனால் விடை நம்பும்படி இருப்பதை வைத்துக் கணக்கு சரி என்று முடிவு கட்டாதீர்கள். தாள், பக்கம், அட்டை மூன்றையும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

பசைக்கு என்ன கூட்டுவது என்று கேட்பார்கள். தைக்காமல் பசையால் ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் பசை முதுகுக்குப் பின்னால்தான் படியும், தாள்களின் நடுவே பெரும்பாலும் போகாது என்பதால் நான் ஒன்றும் கூட்டுவதில்லை. சில பைண்டர்கள் அரை மில்லிமீட்டர் கேட்பார்கள், அவர்கள் எந்திரம் அவர்களுக்குத் தெரியும், கேட்டதைக் கொடுங்கள். நூல் தைத்த புத்தகத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஃபாரத்துக்கு ஃபாரம் நூல் ஏறி முதுகுப் பக்கம் மட்டும் உப்பும். அதற்கு அதே தாளில், அதே தையலில் எழுத்தே இல்லாத ஒரு டம்மி கட்டி வாங்கி அளப்பதுதான் வழி. தடிமனான புத்தகம் எதுவானாலும் டம்மி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அரை மில்லிமீட்டர் முன்பின் ஆகும், கட்டும்போது அட்டை நகரும். அதைத் தாங்கும்படி அட்டையைப் போட வேண்டும். முதுகுக்கு ஒரு நிறம், முன் அட்டைக்கு வேறு நிறம் என்று மடிப்பிலேயே வெட்டி நிறுத்துவதை நான் விட்டுவிட்டேன். முன் அட்டை நிறத்தையே முதுகைத் தாண்டி ஓட விடுகிறேன். முதுகுத் தலைப்புக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டராவது விடுகிறேன். தமிழில் அளக்கும்போது 'க' எழுத்தை வைத்து அளந்து ஏமாறாதீர்கள், 'கீ'யின் மேல் சுழியும் 'ழு'வின் கீழ் வாலும் சேர்த்துத்தான் உயரம். ஆறு மில்லிமீட்டருக்குக் குறைந்த முதுகில் எழுத்தே போடுவதில்லை.

அட்டையை எப்போது முடிப்பது என்பதும் இதில் அடக்கம். ஆசிரியரின் இரண்டாவது தொகுதி இப்போது வேலையில் இருக்கிறது. போன வாரம் அவர் போன் செய்து, இன்னொரு அணிந்துரை வருகிறது, ஆறு பக்கம் இருக்கும் என்றார். ஒரு ஃபாரம் ஏறினால் எட்டுத் தாள், 0.73 மி.மீ. "அது வந்து சேர்ந்தப்புறம் அட்டையை முடிக்கிறேன் சார்" என்றேன்.