வீட்டுக் கணக்கெடுப்புப் படிவம் கேட்டு ஊராட்சி எழுதும் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இணைப்பில் உள்ள மாதிரிப்படி பூர்த்தி செய்து அனுப்பவும்" என்ற ஒரு வரியோடு கடிதத்தை முடித்துவிடுவதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். தலைப்புகளை மட்டும் கொடுத்தால், கட்டத்துக்குள் எதை எப்படி எழுதுவது என்பதை ஒவ்வொரு தன்னார்வலரும் தாமே முடிவு செய்வார். ஒன்பது வார்டு இருந்தால் ஒன்பது விதமாக வந்து சேரும்.

கதவு எண் 4/12 என்று ஒரு வீடு. தகப்பனார் பெயரில் ஒரு குடும்ப அட்டை, அதே வீட்டில் மணமான மகனுக்குத் தனி அட்டை. ஒருவர் இதை ஒரே வரியில் "6 பேர்" என்று எழுதுவார்; இன்னொருவர் இரண்டு வரியாக எழுதுவார். இரண்டுமே அவரவர் அளவில் சரிதான், ஆனால் வார்டுகளைக் கூட்டும்போது குடும்ப எண்ணிக்கை தவறிவிடும். ஆகவே கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்: "ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு வரி. ஒரே வீட்டில் இரண்டு அட்டை இருந்தால் கதவு எண்ணை இரண்டு வரியிலும் எழுதவும். அட்டை இல்லாதவர்கள் தனியாகச் சமைத்தால் தனி வரி."

இங்கேதான் அடுத்த தவறும் நுழைகிறது. இரண்டாவது வரியில் கதவு எண்ணுக்கும் தெருவுக்கும் "மேற்படி" என்று போட்டுவிடுவார்கள். தாளில் பார்க்கும்போது குறை தெரியாது. அலுவலகத்தில் பெயர்வாரியாக அடுக்கியதும் மகனின் வரி வேறு தெருக்காரருக்குக் கீழே போய் நிற்கும். எந்த வீடு என்று தாளைத் தேடி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மேற்படி, இரட்டைக் கோடு எதுவும் கூடாது என்று கடிதம் சொல்ல வேண்டும்.

வெறும் கட்டம் இதைவிட மோசம். கழிப்பறை இல்லையா, கேட்கவில்லையா, வீடு பூட்டியிருந்ததா என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. "இல்லை", "பூட்டிய வீடு", "சொல்ல மறுப்பு" என மூன்று சொற்களைக் கடிதமே கொடுத்துவிட்டால் போதும்.

தாளுக்குப் பதில் எக்செல் கோப்பாகக் கேட்டால், 4/12 என்று அடித்ததுமே அது தேதியாக மாறிவிடும். பிறகு வடிவத்தை Text என மாற்றினாலும் பழைய எண் திரும்பாது, ஐந்து இலக்க எண் ஒன்றுதான் வரும். குடும்ப அட்டையின் 12 இலக்க எண்ணும் E+11 என்று சுருங்கித் தெரியும். எனவே அந்த இரண்டு நெடுவரிசைகளையும் முன்கூட்டியே Text என மாற்றிவைத்த கோப்பைத்தான் அனுப்ப வேண்டும். தன்னார்வலர் புதுக் கோப்பு திறக்கக் கூடாது.

வெற்றுப் படிவத்தோடு, நிரப்பிய மாதிரி ஒன்றும் இணைப்பில் இருக்கட்டும். அதில் சாதாரண வீடு, இரண்டு குடும்ப வீடு, பூட்டிய வீடு என்று மூன்றும் இருந்தால் சந்தேகம் கேட்டுப் போன் வருவது குறையும். கூடுதல் தகவல் எழுதக் கடைசியில் "குறிப்பு" என்று ஒரு நெடுவரிசை வையுங்கள். இல்லாவிட்டால் அவர்களே நடுவில் ஒரு நெடுவரிசையைச் சேர்ப்பார்கள், அதற்கு வலப்புறம் உள்ளதெல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போகும்.

கடைசித் தேதி ஒன்றை மட்டும் போடாமல், முதல் தாளை மட்டும் முன்னதாக அனுப்பச் சொல்லுங்கள். தவறு முதல் தாளிலேயே தெரிந்துவிட்டால் மீதித் தாள்களைத் திரும்ப எழுத வேண்டியிருக்காது.