மூன்று மணி நேரப் படமா? முதலில் கடைசி பஸ்ஸைப் பாருங்கள்

போஸ்டரில் மூன்று மணி நேரம் என்றிருந்தால் தியேட்டரில் அது மூன்று மணி நேரத்தில் முடியாது. மாலை 6.30 காட்சி என்று வையுங்கள். விளம்பரம் 10 நிமிடம், படம் 180, இடைவேளை 15. வெளியே வரும்போது 9.55. அந்நேரம் ஹட்டனில் இறங்கி நின்றால் தோட்டத்துக்குப் போக பஸ் இருக்காது, ஆட்டோவைத்தான் பிடிக்க வேண்டும். போகும் வழியிலேயே ஆட்டோ அண்ணனிடம் நேரத்தைச் சொல்லி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் 2.30 காட்சிக்குப் போங்கள், ஆறுக்குள் முடிந்துவிடும்.

இடைவேளை பழைய பழக்கம். படச்சுருள் காலத்தில் ஒரு சுருள் ஏறத்தாழ 20 நிமிடம்தான் ஓடும். ஒரே புரொஜெக்டர் வைத்திருந்த கொட்டகைகள் சுருள் மாற்ற நிறுத்தியே ஆகவேண்டும். இன்று அந்தத் தேவை இல்லை, ஆனாலும் நம் படங்கள் இடைவேளையை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. பெரிய திருப்பம் அங்கே வரும். அதன் பின் கதை மூச்சு வாங்கி, பல படங்களில் பிளாஷ்பேக்கோடு, மெதுவாகத் தொடங்கும். பிள்ளைகள் சிணுங்குவது அப்போதுதான். பசியையும் பாத்ரூமையும் இடைவேளையிலேயே முடித்துவிடுங்கள்.

ஆங்கிலப் படம் அப்படி எழுதப்பட்டதல்ல. இடைவேளை உண்டா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் உள்ளே போகுமுன் பிளேன்டீ வேண்டாம், குளிரில் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.