ஆறு குளிசையும் ஒரே மிடறில்: புது மருந்து தொடங்குபவர்கள் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் பாமசிக்கு ஒரு அம்மா வந்தார். தைரொயிட், சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் நான்குக்கும் ஒன்றாக மருந்து தொடங்கியிருந்தார்கள். கூடவே கல்சியமும் இரும்புச்சத்தும். இரண்டு மாதம் ஒரு நாளும் விடாமல் குடித்தும், தைரொயிட் குறைந்தால் இரத்தத்தில் கூடும் ரி.எஸ்.எச். இறங்கவில்லை.

“டொக்டர் டோஸைக் கூட்டப் போறாராம், தம்பி.”

எப்படிக் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“காலையில பால் தேத்தண்ணியோட எல்லாத்தையும் ஒண்டாப் போட்டிடுவன். அப்பதான் மறக்காது.”

பிழை அங்கேதான். கல்சியமும் இரும்பும் குடலிலேயே தைரொயிட் குளிசையான தைரொக்சினைக் கட்டிப்போடும், இரத்தத்துக்குப் போகவிடாது. அதனால் இரண்டுக்கும் தைரொக்சினுக்கும் நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். இது தெரியாமல் டோஸைக் கூட்டினால், பிறகொரு நாள் கல்சியத்தை நிறுத்தும்போது தைரொக்சின் மிஞ்சிப்போய் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். குளிசை குடிக்கும் விதத்தை டொக்டரிடம் அப்படியே சொல்லச் சொன்னேன். அவருடைய மருந்துச்சீட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்த அட்டவணை இது:

| நேரம் | மருந்து |
|---|---|
| காலை 6 | தைரொக்சின், வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் |
| காலை 7.30, சாப்பாட்டோடு | சீனிக்கு மெட்போமின், பிரஷருக்கு லோசார்ட்டான் |
| மத்தியானம் 1, சாப்பாட்டோடு | கல்சியம் |
| பின்னேரம் 5 | இரும்பு |
| இரவு 8, சாப்பாட்டோடு | மெட்போமின், கொலஸ்ட்ரோலுக்கு அட்டோவாஸ்டடின் |

காலைத் தேத்தண்ணியும் இலைக்கஞ்சியும் ஏழு மணிக்குப் பிறகுதான். பின்னேரத் தேத்தண்ணியை மூன்று மணிக்கே குடித்துவிட வேண்டும், ஏனென்றால் தேயிலையின் துவர்ப்பு இரும்பைச் சேரவிடாது. இரும்புக் குளிசையால் மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் தார்போல ஒட்டிக்கொண்டு, கெட்ட மணத்தோடு போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்புறம் அவருடைய கைப்பையில் இன்னொன்று இருந்தது: முழங்கால் நோவுக்குக் கடையில் வாங்கிய டைக்குளோபெனக். லோசார்ட்டான் குடிப்பவர்கள் இதைத் தாமாக எடுக்கவே கூடாது. பிரஷர் ஏறும், சிறுநீரகத்துக்கும் கெடுதி. கால் வீங்குவதும் சிறுநீர் குறைவதும்தான் அடையாளம், சிலருக்கு அதுகூடத் தெரியாது. நோவுக்கு 500 மில்லிகிராம் பரசிற்றமோல் இரண்டு போடலாம், ஆறு மணித்தியாலம் விட்டு. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். ஈரல் வருத்தம் உள்ளவர்கள் முதலில் டொக்டரைக் கேளுங்கள்.

கிளினிக்கில் ஒரு பெட்டி, தனியார் டொக்டரிடம் ஒரு பெட்டி என்று வாங்குபவர்கள் பெரிய எழுத்திலுள்ள பெயரை விட்டு, கீழே சின்னதாக இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். இரண்டும் ஒரே மருந்தாக இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

டொக்டர் டோஸைக் கூட்டாமல், இந்த நேரப்படி குடித்து ஆறு கிழமை கழித்து இரத்தம் சோதிக்கச் சொன்னார். ரி.எஸ்.எச். பழைய டோஸிலேயே சரியான அளவுக்கு வந்திருந்தது.