சிபிவிசி பைப்பை ஒட்டிய கையோடு ஏன் தண்ணீர் திறக்கக் கூடாது?

இரண்டு வெல்லக்கட்டிகளை லேசாக நனைத்து ஒன்றோடொன்று அழுத்தி வையுங்கள். காய்ந்தபின் அவை ஒரே கட்டியாகிவிடும். இடையில் பசை எதுவும் இல்லை; கரைந்த வெல்லமே மறுபடி இறுகியிருக்கும். வெந்நீரையும் தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் பைப்பை ஒட்டப் போடும் சால்வென்ட் சிமெண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. அந்த டின்னில் இருப்பது கரைப்பான்களும் அவற்றில் கரைத்து வைத்த சிபிவிசி பிசினும். தடவியதும் பைப்பின் வெளித்தோலும் ஃபிட்டிங்கின் உள்தோலும் இளகுகின்றன. அழுத்திச் செருகும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. பிறகு கரைப்பான் வெளியேற வெளியேற, கலந்த இடம் கெட்டியாகிறது.

ஆகவே பைப்பும் ஃபிட்டிங்கும் இறுக்கமாகத் தொட்டால்தான் ஜாயின்ட் பிடிக்கும். கலக்க வேண்டிய இடத்தில் இடைவெளி இருந்தால் எவ்வளவு சிமெண்ட் போட்டும் பயனில்லை.

வீட்டு பாத்ரூமுக்குப் போடும் முக்கால் இஞ்ச் பைப்பில், லைனைத் திருப்பும் ஃபிட்டிங்கான எல்போ ஒன்றைப் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் பைப்பை நேராக வெட்டுங்கள். சாய்ந்து வெட்டினால் ஒரு பக்கம் ஒட்டும் பரப்பு குறையும். உள்ளும் புறமும் பிசிறை எடுத்து, வெளி விளிம்பை லேசாகச் சரித்துச் சீவுங்கள். இதைச் செய்யாவிட்டால், கூரான விளிம்பு எல்போவுக்குள் தடவிய சிமெண்டை வழித்துக்கொண்டே உள்ளே போகும். பிறகு தூசியும் ஈரமும் இல்லாமல் துணியால் துடைத்துவிடுங்கள்.

அடுத்து, சிமெண்ட் போடாமல் செருகிப் பாருங்கள். எல்போவின் வாய் உள்ளே போகப்போகக் குறுகும். பைப் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் போய் இறுகி நிற்க வேண்டும். லொடலொடவென்று அடிவரை போனால் அந்த எல்போவை மாற்றிவிடுங்கள். எல்போவின் ஆழத்தை அளந்து பைப்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது சிமெண்ட். சிபிவிசிக்கு என்று டின்னில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மிச்சமிருக்கும் பிவிசி சொல்யூஷன் வெந்நீர் லைனுக்கு ஆகாது. பைப்பில் கோடு வரை சீராகத் தடவுங்கள், எல்போவுக்குள் மெல்லிசாக. உள்ளே அதிகம் போட்டால் அது வழிந்து பைப்புக்குள் தேங்கி, அந்த இடத்தையே இளக்கி வலுவிழக்கச் செய்யும். காயும் முன்பே செருகி, கால் சுற்று திருப்பி, கோடு வரை தள்ளி, முப்பது வினாடி அழுத்திப் பிடியுங்கள். பிடிக்காமல் விட்டால், குறுகலான வாய் பைப்பைப் பின்னால் தள்ளிவிடும். வாயைச் சுற்றி விடுபடாமல் மெல்லிய வளையமாகச் சிமெண்ட் தெரிந்தால் வேலை சரி.

சில நிமிடத்தில் ஜாயின்ட் ஆடாமல் நிற்கும். ஏமாறும் இடம் இதுதான். ஆடவில்லை என்றால் பிடித்திருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். உள்ளே அடைபட்ட கரைப்பான் பிளாஸ்டிக் வழியாகவே மெல்ல ஊடுருவி வெளியேற வேண்டும். அதுவரை நடுவில் ஒட்டுப் பகுதி இளக்கமாகவே இருக்கும். அந்த நேரத்தில் அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் இளகிய பகுதியில் ஊசி அளவுக்கு ஒரு வழி போட்டுக்கொள்ளும். பின்னால் சிமெண்ட் இறுகினாலும் அந்த வழி மூடாது. பைப் பெரிதாக, குளிர் அதிகமாக, காற்றில் ஈரம் கூடுதலாக இருந்தால் காத்திருப்பும் நீளும். டின்னில் போட்டிருக்கும் நேரத்தைப் பாருங்கள். வீட்டு லைனுக்கு நான் ஒரு முழு நாள் விட்டுவிடுவேன். அதுவரை பைப் முனைகளை மூடாதீர்கள், ஆவி வெளியே போகட்டும்.

டெஸ்டுக்கு மேல் முனையைத் திறந்து வைத்து, கீழிருந்து மெதுவாகத் தண்ணீர் ஏற்றிக் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். பிறகு முனையை மூடி, கை பம்பால் 10 பார் வரை ஏற்றி ஒரு மணி நேரம் கேஜைக் கவனியுங்கள். காற்றடித்து மட்டும் சோதிக்க வேண்டாம். அழுத்திய காற்றில் பைப் உடைந்தால் சில்லுகள் தெறிக்கும்.

ஒருமுறை டைல்ஸ் வேலைக்காரர் காத்திருக்கிறார் என்று, மதியம் ஒட்டிய லைனை மாலையே டெஸ்ட் செய்தேன். முள் மெல்ல இறங்கியது. ஒரு எல்போவின் வாயில், துடைத்தால் மறுபடி அரும்பும் ஒற்றைச் சொட்டு. மேலே சிமெண்ட் பூசினேன், நிற்கவில்லை. பூசிய சிமெண்ட் வெளியில்தான் ஒட்டும், வழி உள்ளே அல்லவா இருக்கிறது! எல்போவை வெட்டி எடுத்துவிட்டு, புது எல்போ போட்டு, இரண்டு பக்கமும் துண்டு பைப்பும் அதைப் பழைய பைப்போடு இணைக்கும் கப்ளரும் வைத்துப் புதிதாக ஒட்டினேன். ஒரு ஜாயின்ட்டுக்குப் பதிலாக ஆறு ஜாயின்ட்டுகள். டைல்ஸ்காரர் மறுநாள் மாலைதான் வந்தார்.