வாசிப்பு வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: எல்லாச் சொல்லும் தெரிந்தும் பத்தி புரியாதபோது

வேலூரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் பி.எட். மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்கு வரும்போது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் தமிழ் வகுப்பைக் கவனிப்பது என் வேலை. கரும்பலகையில் எழுத்துப் பிழை, வகுப்பைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்துப் பேசுவது போன்றவை தாமாகவே சரியாகிவிடும். அதை எல்லாம் விட்டுவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் ஆனாலும் போகாத தவறு ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் நானும் செய்ததுதான். இன்றைக்கும் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

பத்தி புரியவில்லை என்றால் சொற்பொருள் சொல்வது

வேலூர் நகரத்துக்குள் ஒரு பள்ளி, ஏழாம் வகுப்பு. பயிற்சி ஆசிரியை ஒருவர் இந்தப் பத்தியைக் கொடுத்தார்:

"ஐப்பசி கடைசியில் இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை மேல் ஏரி வழிந்தது. செய்தி கேட்டதும் கீழ் ஊர்க்காரர்கள் தங்கள் ஏரிக்கரைக்கு ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் மதகை அடைத்துவிட்டார்கள். அந்த வருடம் தை நடவைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை."

கடினமான சொல் என்றால் மதகு ஒன்றுதான். அதற்கும் 'ஏரியிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் கதவு' என்று எழுதிப் போட்டார். பிறகு, கீழ் ஊர்க்காரர்கள் ஏன் ஓடினார்கள் என்று கேட்டார். நன்றாக வாசிக்கும் பெண் எழுந்து, "வெள்ளம் வருதுன்னு பயந்து ஓடினாங்க மிஸ்" என்றாள். மதகை ஏன் அடைத்தார்கள்? "ஊருக்குள்ள தண்ணி வராம இருக்க." தை நடவு? "வயல் எல்லாம் மூழ்கிடுச்சு, இனிமே நட முடியாதுன்னு விட்டுட்டாங்க."

ஆசிரியை உடனே "சரியா வாசிக்கலை, இன்னொரு முறை வாசி" என்றார். இங்கேதான் தவறு. அந்தப் பெண் சரியாகத்தான் வாசித்தாள். அவள் சொன்ன மூன்று விடைகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. மழை, வழிதல், ஓட்டம் என்று வரிசையாக வந்ததும், டிவியில் பார்த்த வெள்ளச் செய்தி அவள் மனதில் எழுந்துவிட்டது. பத்தி சொல்லாமல் விட்ட இடங்களை அதை வைத்து நிரப்பிக்கொண்டாள். கவலைப்படவில்லை என்ற கடைசி வரியைக்கூட அதற்குள் வளைத்துவிட்டாள். இன்னும் பத்து முறை வாசித்தாலும் அதே வெள்ளம்தான் வரும்.

இரண்டு வரிசை தள்ளி ஒரு பையன். எழுத்துக் கூட்டி, தடுக்கித் தடுக்கி வாசிப்பவன். சொந்த ஊர் பெரிய ஏரி இருக்கும் காவேரிப்பாக்கம் பக்கம், இங்கே அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறான். கேட்காமலே சொன்னான்: "மேல் ஏரி வழிஞ்சா அடுத்தது அவங்க ஏரிக்குத்தானே மிஸ் தண்ணி வரும். மதகு திறந்திருந்தா வர்ற தண்ணி வீணாப் போயிடும்." வகுப்பு சிரித்தது. அவன் சொன்னதுதான் விடை.

அவனுக்குத் தெரிந்தது மூன்று விஷயம். நம் பக்கத்து ஏரிகள் தொடராக இருக்கின்றன, மேல் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் கால்வாய் வழியே கீழ் ஏரிக்குப் போகும். ஏரி நிரம்புகிற நேரத்தில் மதகை அடைத்துத் தண்ணீரைத் தேக்குவார்கள். தையில் மழை இருக்காது, நடவுக்குத் தேங்கிய தண்ணீர்தான் கதி. இந்த மூன்றில் ஒன்றுகூடப் பத்தியில் இல்லை. எழுதியவர், படிப்பவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார். எல்லா எழுத்தும் இப்படி விட்டுவிட்டுத்தான் போகிறது.

மனதில் முன்கூட்டியே இருக்கும் இந்த அறிவுக் கட்டமைப்பைத்தான் ஸ்கீமா என்கிறார்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த உளவியலாளர் பிரடெரிக் பார்ட்லெட் 1932-ல் இதைப் பற்றி எழுதினார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார். கதையில் இருந்த சீல் வேட்டை அவர்கள் எழுதியதில் மீன்பிடிப்பு ஆகிவிட்டது. தெரியாத இடத்தை யாரும் காலியாக விடுவதில்லை, தனக்குப் பழகியதைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். நம் ஏழாம் வகுப்புப் பெண்ணும் அதையேதான் செய்தாள்.

சரி, என்ன செய்வது? வாசிப்பதற்கு முன்னால் கரும்பலகையில் இரண்டு ஏரி, நடுவே ஒரு கால்வாய் வரையுங்கள். மேலே சொன்ன மூன்று விஷயத்தையும் மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். ஆனால் கதையைச் சொல்லிவிடக் கூடாது. நீங்கள் பேசியதை வைத்தே ஒரு பிள்ளை பத்தியைத் தொடாமல் எல்லாக் கேள்விக்கும் விடை எழுத முடிந்தால், அளவுக்கு மேல் சொல்லிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஏரிகள் எப்படி இயங்கும் என்பது உங்கள் பங்கு, அந்த ஊரில் அன்றைக்கு என்ன நடந்தது என்பது பத்தியின் பங்கு.

விளக்கத்தைக் கடைசியில் வைப்பது

"முதல்ல அவங்களே முயற்சி பண்ணட்டும் சார், அப்புறம் விளக்கலாம்" என்பார்கள். பிரான்ஸ்ஃபோர்ட், ஜான்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1972-ல் சோதித்தது இதைத்தான். துணி துவைப்பதைப் பற்றி ஒரு பத்தியை வாசித்துக் காட்டினார்கள். துணி, துவைத்தல் என்ற பேச்சே வராமல், பொருட்களைக் குவியலாகப் பிரிக்க வேண்டும் என்கிற மாதிரி எளிய வாக்கியங்கள். எதைப் பற்றியது என்று முன்பே தெரிந்தவர்கள், தெரியாதவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கருத்துகளை நினைவில் வைத்திருந்தார்கள். கேட்டு முடித்த பிறகு தலைப்பைத் தெரிந்துகொண்டவர்களுக்கு அதனால் பயன் இல்லை.

"உங்களுக்கு ஏரியைப் பற்றி என்ன தெரியும்?"

முன்னறிவைத் தூண்டுவதாகச் சொல்லி, பாடத் திட்டக் குறிப்பில் எல்லோரும் எழுதும் கேள்வி. தெரிந்த நாலு பேர் பேசுவார்கள். தெரியாதவன் "படகு சவாரி" என்பான், அதையும் கரும்பலகையில் எழுதுவோம். இல்லாததைத் தூண்ட முடியாது. அதைக் கொடுக்கத்தான் வேண்டும். கேட்பதாக இருந்தால் குறுகலாகக் கேளுங்கள்: "ஒரு ஏரி வழிந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்?" அரை நிமிடத்தில் யாருக்கு எது இல்லை என்று தெரிந்துவிடும்.

சொல்லில் இருப்பதையே கேள்வியாகக் கேட்பது

"மேல் ஏரி எப்போது வழிந்தது?" மூன்றாம் நாள் காலை. வகுப்பு முழுக்கச் சரியாகச் சொல்லும், ஒருவருக்கும் புரிந்திருக்காது. விடை வரிக்குள் இல்லாத ஒரு 'ஏன்' கட்டாயம் வேண்டும்.

ஒரே பத்தியை வைத்து 'மெதுவாக வாசிப்பவன்' என்று முத்திரை குத்துவது

ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1988-ல் அமெரிக்காவில் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கி, ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். காவேரிப்பாக்கம் பையன் ஏரிப் பத்தியில் முன்னால் நின்றதும் அதனால்தான். அதே பையனிடம் மெட்ரோ ரயிலைப் பற்றி ஒரு பத்தி கொடுத்தால் நிலைமை தலைகீழாகலாம். வேறு வேறு பொருளில் மூன்று பத்தியாவது பார்க்காமல் பட்டியல் போடாதீர்கள்.

எழுத்தே கூட்ட வராதவனுக்கு முன்னறிவு போதும் என்று நினைப்பது

போதாது.

தெரிந்தவனை நம்பிவிடுவது

ஏரி தெரிந்த பிள்ளை பத்தியைப் பாதியில் விட்டுவிட்டுத் தன் ஊர்க் கதையை எழுதும். எந்த வரியை வைத்துச் சொல்கிறாய் என்று கேளுங்கள்.

நாளுக்கு ஒரு தலைப்பு

திங்கள் ஏரி, செவ்வாய் விண்வெளி, புதன் தேனீ என்று மாற்றினால் எதிலும் முன்னறிவு சேராது. இரண்டு வாரம் ஏரியிலேயே இருங்கள்: கால்வாய், மதகு, பாலாறு, கிணறு, நடவு. இரண்டாம் வாரத்தில் கொடுக்கும் பத்திக்குக் கரும்பலகைப் படம் தேவைப்படாது.