ஊரிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட் வந்தால் எப்படிப் படித்துச் சொல்வது

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி, மண்டபம் பக்கமிருந்து வளைகுடாவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இக்காமா, சிம் கார்டு, பணம் அனுப்புவது எல்லாவற்றையும் ரூமில் இருப்பவர்களே சொல்லித் தந்துவிடுவார்கள். சொல்லித் தர ஆள் இல்லாத வேலை ஒன்று இருக்கிறது. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் நீங்கள்தான் என்றால், என்றைக்காவது ஒரு நாள் வாப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும். "என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லு" என்று கூடவே உம்மாவின் குரல் பதிவும் வரும். டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் ஆகும், அதுவரை வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. நான் இங்கே ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே, சிடி எடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகள் இப்படிப்பட்ட ரிப்போர்ட்டோடு அடிக்கடி வருவதால் இதை எழுதுகிறேன்.

முதலில், முழு ரிப்போர்ட்டும் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டோ எடுக்கும் அவசரத்தில் கடைசி வரி பாதி வெட்டுப்பட்டு வரும். ரேடியாலஜி டாக்டர் தன் முடிவையும், அடுத்து என்ன பரிசோதனை செய்யலாம் என்பதையும் எழுதும் 'இம்ப்ரெஷன்' பகுதி அந்தக் கடைசியில்தான் இருக்கும். பெயர், வயது, தேதி, வலமா இடமா என்பதையும் சரிபார்த்துவிட்டு அப்புறம் வாயைத் திறங்கள்.

கீழக்கரைக்காரத் தம்பி ஒருவர் கொண்டுவந்த ரிப்போர்ட்டை வைத்தே சொல்கிறேன். அவருடைய வாப்பாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. மூன்று வாரமாக இருமல், மாலையில் லேசான காய்ச்சல். எக்ஸ்ரேயில் ஏதோ தெரிகிறது என்று ராமநாதபுரத்தில் நெஞ்சு சிடி எடுத்திருந்தார்கள். கண்டறிந்தவை பகுதியில் மூன்று விஷயம் இருந்தது. வலது மேல் மடலில் 'பேட்சி கன்சாலிடேஷன்'. இடது உச்சியில் 'ஃபைப்ராடிக் ஸ்ட்ராண்ட்ஸ், சீக்குவலே ஆஃப் ஓல்டு இன்ஃபெக்‌ஷன்'. 'நோ எவிடன்ஸ் ஆஃப் ப்ளூரல் எஃப்யூஷன்'. இம்ப்ரெஷனில் இப்படி முடித்திருந்தார்கள்: 'இன்ஃபெக்டிவ் இட்டியாலஜி லைக்லி. ஆக்டிவ் காக்ஸ் கேனாட் பி எக்ஸ்க்ளூடட். அட்வைஸ்ட் ஸ்பூட்டம் சிபிநாட் அண்ட் கிளினிக்கல் கோரிலேஷன்.'

முதல் மூன்றையும் சொல்வது எளிது. வலது நுரையீரலின் மேல் பகுதியில், காற்று நிற்க வேண்டிய இடத்தில் அங்கங்கே ஏதோ நிறைந்து வெள்ளையாகத் தெரிகிறது. அது சளியா, சீழா, வேறெதுவுமா என்பதைப் படம் சொல்லாது. இடது நுரையீரலின் உச்சியில் தழும்பு இருக்கிறது. அது எப்போதோ வந்து ஆறிய தொற்றின் மிச்சமாகத் தெரிகிறது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பதாகப் படத்தில் தெரியவில்லை. கடைசியில் சொன்னதை "நீர் இல்லை" என்று சுருக்க மனசு வரும். 'நோ எவிடன்ஸ்' என்று அவர்கள் எழுதினால் "தெரியவில்லை" என்றே நீங்களும் சொல்லுங்கள்.

இம்ப்ரெஷனில் கவனிக்க வேண்டிய முதல் சொல் 'காக்ஸ்'. 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் காக். நம் நாட்டு ரிப்போர்ட்டுகளில் டி.பி. என்று நேராக எழுதாமல் அவர் பெயரால் எழுதுவது வழக்கம். தெரியாதவர் அதைப் படிக்காமலே தாண்டிவிடுவார். அந்தத் தம்பியும் "நெஞ்சில் சளி கட்டியிருக்கு" என்று சொல்லி முடித்துவிடலாமா என்றுதான் என்னிடம் கேட்டார்.

சிக்கலே அடுத்த மூன்று சொற்களில்தான். 'கேனாட் பி எக்ஸ்க்ளூடட்' என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் "டி.பி. இல்லைன்னு சொல்ல முடியாது" என்று வரும். இலக்கணப்படி அதில் பிழை கிடையாது. ஆனால் நம் பேச்சில் அதற்குப் பொருளே வேறு. "அவரிடம் காசு இல்லைன்னு சொல்ல முடியாது" என்றால், இருக்கிறது என்று நாசூக்காகச் சொல்கிறோம். அதே வாக்கியத்தை நோய்க்குச் சொன்னால் வாப்பாவின் காதில் "எனக்கு டி.பி. இருக்கு, பையன் சுத்தி வளைச்சுச் சொல்றான்" என்றுதான் விழும். "இருக்கலாம்" என்று சொன்னாலும் பாரம் கூடிவிடும். ரேடியாலஜி டாக்டர் 'லைக்லி' என்று சொன்னது பொதுவாகத் தொற்றைத்தான். டி.பி.யை அந்த அளவுக்கு அவர் ஏற்றவில்லை. நீங்களும் ஏற்றக் கூடாது.

சரி, எப்படிச் சொல்வது? நான் அந்தத் தம்பியிடம் சொல்லச் சொன்னது இது: "வாப்பா, படத்தைப் பார்த்தால் ஏதோ ஒரு கிருமித் தொற்று மாதிரிதான் தெரியுதுன்னு எழுதியிருக்காங்க. டி.பி. இருக்குன்னு எழுதலை. ஆனா இந்தப் படத்தை மட்டும் வச்சு, டி.பி. கிடையாதுன்னு முடிவு பண்ண அவங்களால முடியலை. அதனால சளியைச் சோதிச்சுப் பார்க்கச் சொல்லியிருக்காங்க." நோயைப் பற்றி இரண்டு பக்கமும் சொல்லியாகிவிட்டது. "இந்தப் படத்தை மட்டும் வச்சு" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். முடியாமல் போனது இந்தப் பரிசோதனையால்தான், அடுத்த பரிசோதனையால் முடியலாம் என்பதை அவைதான் காட்டுகின்றன. "முடியாது" என்றால் எப்போதுமே முடியாது என்று கேட்கும். அதனால் "முடியவில்லை" என்று சொல்லுங்கள். அப்போது வாப்பாவுக்குச் சளிப் பரிசோதனைக்குப் போக ஒரு காரணமும் கிடைக்கிறது.

வரிசையையும் மாற்றாதீர்கள். தொற்று முதலில், டி.பி. பிறகு என்றுதான் எழுதியிருக்கிறார்கள். டி.பி.யை முதலில் எடுத்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் காதில் ஏறாது.

'கிளினிக்கல் கோரிலேஷன்' என்பது சிகிச்சை தரும் டாக்டருக்கு எழுதிய குறிப்பு. ஆளைப் பார்த்து, இருமல், காய்ச்சல், எடை குறைவு, மற்றப் பரிசோதனைகள் எல்லாவற்றோடும் சேர்த்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் அதன் பொருள். இதை வாப்பாவிடம் "டாக்டர் உங்களைப் பார்த்துத்தான் முடிவு சொல்லணும்" என்று சொன்னால் போதும்.

இதே மாதிரி மற்றச் சொற்களையும் அதனதன் எடையிலேயே வையுங்கள். 'கன்சிஸ்டன்ட் வித்' என்றால் படம் அந்த நோயோடு நன்றாகப் பொருந்துகிறது. 'சஜஸ்டிவ் ஆஃப்', 'லைக்லி' என்றால் அப்படித்தான் தெரிகிறது, ஆனால் உறுதி இல்லை. 'பாசிபிள்' என்றால் இருக்க வாய்ப்பு உண்டு. 'அன்லைக்லி' என்றால் இருக்க வாய்ப்பு குறைவு. இவற்றுக்கு இத்தனை சதவீதம் என்று கணக்கு எழுதிய ரிப்போர்ட்டை நான் பார்ப்பது அபூர்வம். ஒரே சொல்லை ஒரு டாக்டர் அழுத்தமாகவும் இன்னொருவர் வழக்கத்துக்காகவும் எழுதுவார். அதனால் "எத்தனை சதவீதம்டா தம்பி?" என்று வீட்டில் கேட்டால் நீங்களாக எண் சொல்ல வேண்டாம்.

சொல்லி முடித்ததும் வாப்பாவையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "நான் சொன்னதுல என்ன புரிஞ்சதுன்னு உம்மாகிட்ட சொல்லுங்க வாப்பா" என்றால் மரியாதைக் குறைவாக இருக்காது. "ஒன்னும் இல்லையாம்" என்றோ "டி.பி.யாம்" என்றோ அவர் சொன்னால், நீங்கள் சொன்னது போய்ச் சேரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அந்தத் தம்பியின் வீட்டில் முதல் தடவை "டி.பி.யாம்" என்றுதான் வந்தது. உடனே உம்மா தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைக்கக் கிளம்பிவிட்டார். டி.பி. தட்டிலும் தம்ளரிலும் பரவுவதில்லை. நோய் உள்ளவர் இருமும்போது காற்றில்தான் பரவும். முடிவு வரும்வரை இருமும்போது துணியால் வாயை மூடுவதும், ஜன்னலைத் திறந்து வைப்பதும்தான் செய்ய வேண்டியவை.

சளிப் பரிசோதனையையும் நீங்களே விளக்க வேண்டி வரும். சிபிநாட் என்பது சளியில் டி.பி. கிருமியின் மரபணு இருக்கிறதா என்று தேடும் கருவிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் கிடையாது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். எச்சிலைக் கொடுத்தால் பரிசோதனை வீண். இன்னொன்று, சளி கொடுப்பதற்கு முன்னால் மெடிக்கல் கடையில் தானாக ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட வேண்டாம். லீவோஃப்ளாக்சசின் மாதிரி சில மருந்துகள் டி.பி. கிருமியையும் கொஞ்சம் அடக்கிவிடும். நோய் இருந்தாலும் அது தெரியத் தாமதமாகும்.

அந்தத் தம்பியின் வாப்பாவுடைய சளி முடிவு 'எம்டிபி நாட் டிடெக்டட்' என்று வந்தது. வீட்டில் ஒரே சந்தோஷம். இங்கேயும் அதே ஜாக்கிரதை வேண்டும். கொடுத்த சளியில் கிருமி அகப்படவில்லை என்பதுதான் செய்தி. கிருமி குறைவாக இருந்தாலோ சளி சரியாக வராவிட்டாலோ அகப்படாமல் போவது உண்டு. சிடியில் எழுதிய சந்தேகம் இதனால் நிறையக் குறைகிறது, முழுக்கப் போய்விடவில்லை. "நல்ல செய்திதான் வாப்பா, ஆனா டாக்டர் திரும்ப வரச் சொன்ன நாளை விட்டுடாதீங்க" என்று அந்தத் தம்பி சொன்னார். டாக்டர் சாதாரண நிமோனியாவுக்கான மருந்து கொடுத்து, சில வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வலது பக்க வெள்ளை பெரும்பாலும் கரைந்திருந்தது, காய்ச்சலும் நின்றுவிட்டது.

இடது உச்சித் தழும்பு மட்டும் அப்படியே இருந்தது. அது பழையதுதான் என்று ஒரே படத்தை வைத்து அடித்துச் சொல்வது கடினம். முன்பு எடுத்த படம் ஒன்று இருந்து, அதிலும் அதே தழும்பு அதே அளவில் இருந்தால்தான் நம்பிக்கையாகச் சொல்லலாம். அந்தத் தம்பியின் வாப்பாவும் ஒரு காலத்தில் வளைகுடாவில் இருந்தவர். விசா மெடிக்கலுக்கு எடுத்த எக்ஸ்ரே ஃபிலிம் வீட்டு அலமாரியில் கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டியதும் டாக்டருக்கு வேலை சுலபமாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் பழைய ஃபிலிம், ஸ்கேன் பதிந்து தந்த டிஸ்க், ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டோடு அந்தப் பையும் டாக்டரிடம் போகட்டும்.