வட்ட மேசை நாணய ஆட்டம்: எதிர்வைப்பு உத்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட்ட மேசையில் இருவர் மாறி மாறி ஒரே அளவுள்ள நாணயங்களை வைக்கிறார்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது, விளிம்பைத் தாண்டக்கூடாது, வைத்ததை நகர்த்தக்கூடாது. தன் முறை வரும்போது வைக்க இடமில்லாதவர் தோற்றவர். முதலில் ஆடுபவர் நட்டநடுவில் ஒன்றை வைத்துவிட்டு, அதன்பின் எதிராளி வைக்கும் ஒவ்வொன்றுக்கும் நேரெதிரே வைத்துக்கொண்டே போனால் வெற்றி உறுதி. மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து ஆடவிடும்போது, கற்ற புதிதில் நான் செய்த பிழைகளையே அவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். கை தட்டி நாணயம் நகர்வது போன்றவற்றை விட்டுவிட்டு, ஆட்டத்தையே இழக்க வைப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

மையத்துக்கு எதிரே வைக்காமல், கோட்டுக்கு எதிரே வைப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான், ஏனெனில் இதைச் செய்பவர் உத்தியைச் சரியாகப் பின்பற்றுவதாகவே கடைசிவரை நம்பிக்கொண்டிருப்பார்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி 30 செ.மீ விட்டமுள்ள வட்ட முக்காலியில், 2.5 செ.மீ விட்டமுள்ள நாணயங்களோடு ஆடினாள். முதல் நாணயத்தைத் துல்லியமாக நடுவில் வைத்தாள். எதிராளி வலப்புறம் வைத்தான். அவள் இடப்புறம் வைத்தாள். அதுவரை பிழையில்லை. அடுத்து அவன் வலப்புற மேல்பகுதியில் வைத்தபோது அவள் இடப்புற மேல்பகுதியில் வைத்தாள். ஆட்டம் அங்கேயே கைவிட்டுப் போனது, ஆனால் அவளுக்குத் தெரியவில்லை. அவள் மையத்தை விட்டுவிட்டு, முக்காலியை இரண்டாகப் பிரிக்கும் ஒரு கோட்டைப் பொறுத்து வைக்கத் தொடங்கியிருந்தாள்.

சில நாணயங்களுக்குப் பின் அவன், மையத்திலிருந்து 6 செ.மீ தள்ளி, அந்த நடுக்கோட்டுக்கு 1 செ.மீ வலப்புறமாக ஒன்றை வைத்தான். அவள் கணக்குப்படி பதில் நாணயம் கோட்டுக்கு 1 செ.மீ இடப்புறம் வர வேண்டும். இரண்டு நாணயங்களின் மையங்களுக்கும் இடைவெளி 2 செ.மீ, நாணயத்தின் விட்டமோ 2.5 செ.மீ. வைக்க முடியாமல் வேறெங்கோ வைத்தாள், தோற்றாள். மையத்தைப் பொறுத்து ஆடியிருந்தால் பதில் நாணயம் முக்காலியின் மறுபக்கத்தில், சுமார் 12 செ.மீ அப்பால் விழுந்திருக்கும்.

மையம் மட்டும் ஏன் பாதுகாப்பானது? நீங்கள் வைக்க வேண்டிய எதிரிடத்தில் பழைய நாணயம் ஒன்று குறுக்கிட்டால், அதன் இணை நாணயம் எதிராளி வைத்த இடத்திலும் குறுக்கிட்டிருக்கும்; அவரே அங்கு வைத்திருக்க முடியாது. மிஞ்சுவது ஒரே ஆபத்து: அவர் இப்போது வைத்த நாணயமும் உங்கள் பதிலும் ஒன்றோடொன்று மோதுவது. அதற்கு அவருடைய நாணயத்தின் மையம் மேசை மையத்துக்கு 1.25 செ.மீக்குள் இருக்க வேண்டும். நடு நாணயமோ 2.5 செ.மீக்குள் எதையும் வரவிடாது. கோட்டைப் பொறுத்து ஆடினால், இந்த மோதல் ஆபத்து 30 செ.மீ நீளமுள்ள கோடு முழுவதும் பரவியிருக்கிறது. அத்தனை நீளத்தையும் நடுவிலுள்ள ஒரு நாணயம் காக்க முடியாது.

பிழை நேர்ந்ததா என்று உடனே அறிய ஒரு நூல் போதும். எதிராளியின் நாணய மையத்திலிருந்து மேசை மையத்தின் வழியாக நூலை இழுத்துப் பிடித்து, அதே தூரத்தை மறுபக்கம் அளந்து வையுங்கள்.

கண்ணளவில் நடுவைக் குறிப்பது

நடு நாணயம் 2 மி.மீ விலகியிருந்து, அதையே மையமாகக் கொண்டு நீங்கள் எதிர்வைத்தால், பதில் நாணயம் 4 மி.மீ விலகும். எதிராளி விளிம்பை ஒட்டி வைத்தால், உங்கள் பதில் மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக்கூடும். மேசையளவுக்கு ஒரு தாளை வட்டமாக வெட்டி இரண்டு முறை சரிபாதியாக மடித்தால், மடிப்புகள் வெட்டும் இடமே மையம்.

நடு காலியாக இருக்கும்போதே இரண்டாமவர் எதிர்வைப்பது

முதலாமவர் ஏதாவது ஒரு முறையில் நடுவைப் பிடித்துக்கொள்வார். அந்தக் கணமே உத்தி அவர் கைக்குப் போய்விடும்.

வேறு அளவு நாணயத்தால் பதில் தருவது

பல அளவுகளை அனுமதிக்கும் ஆட்டத்தில், எதிராளி வைத்த அளவிலேயே வையுங்கள்.

எல்லா மேசைக்கும் இதே உத்தி என்று நம்புவது

மேசையை மையத்தைச் சுற்றி 180° திருப்பினால் அது அதே இடத்தில் சரியாகப் பொருந்த வேண்டும்; தேவை அவ்வளவே. சதுரம், செவ்வகம், நீள்வட்டம் ஆகியவை பொருந்தும். சமபக்க முக்கோணமும் ஒழுங்கு ஐங்கோணமும் பொருந்தாது. அவற்றில் எதிரிடம் மேசைக்கு வெளியே போய்விடலாம்.

குடைக்கம்பு செருகுவதற்காக நட்டநடுவில் வட்டத் துளையிட்ட மேசைகளில் நிலைமை தலைகீழாகிறது. துளையின்மேல் நாணயம் படக்கூடாது என்று விதித்துக்கொண்டால் நடுவை யாராலும் பிடிக்க முடியாது; எந்த நாணயமும் தன் எதிர் நாணயத்தோடு மோதாது. எனவே முதல் நாணயத்திலிருந்தே எதிர்வைத்து இரண்டாமவர் வெல்வார். அத்தகைய மேசையில் முதலில் ஆடும் வாய்ப்பைக் கேட்டு வாங்காதீர்கள்.